அப்புச்சிக்கு 'lol' புரியவைப்பது எப்படி? - நாமக்கல்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

போன மாசம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினொன்னேகால் மணிக்கு பெரியப்பாகிட்ட இருந்து போன். அந்த நேரத்துல ஊர்ல இருந்து போன் வந்தா நமக்கெல்லாம் முதல்ல வயித்தைக் கலக்கும்தானே? எடுத்தா, நிதானமா ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணு, இந்த பி ஆர் பி-ன்னா உடனே திரும்பி வர்றேன்னுதான அர்த்தம்?"

"ஆமா பெரியப்பா. யார் அனுப்பினா?"

"பாப்பாதான். ஒன்றரை மணி நேரமாச்சு. இன்னும் வரக் காணோமே."

பாப்பா என்பது அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. கோவையில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறாள். பெரியப்பாவுக்கு வயசு 68. நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர், அப்புறம் ரெண்டு வண்டிக்கு ஓனர், இப்போ வீட்டில் ஓய்வு. எட்டரைக்குத் தூங்கிவிடும் மனுஷன், பேத்தி 'உடனே வர்றேன்'னு சொல்லிட்டாளேன்னு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். மொத்தமே நாலு வரி.

பெரியப்பா: பொங்கலுக்கு எப்ப வர்ற சாமி
பாப்பா: idk lol
பெரியப்பா: உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்
பாப்பா: brb

அவ்வளவுதான். அந்த 'ஒரு விஷயம்' என்னன்னு நான்தான் கேட்டேன். ரெண்டு வாரம் கழித்து அவருக்கு கண்புரை ஆபரேஷன். வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. முதலில் பேத்திகிட்ட சொல்லணும்னு நினைத்திருக்கிறார்.

அதைவிட எனக்கு உறுத்தியது அவர் அடுத்து சொன்னதுதான். "பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட காட்டி அர்த்தம் கேட்டேன். ஐ டி கே-ன்னா எனக்குத் தெரியாது. எல் ஓ எல்-ன்னா சத்தமா சிரிக்கறது. எப்ப வர்றேன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிட்டு சத்தமா சிரிக்குது பாப்பா. அப்பிடி என்ன தப்பா கேட்டுப்புட்டேன்?"

பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன மூணு அர்த்தமும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனாலும் பெரியப்பா புரிந்துகொண்டது மொத்தமும் தப்பு. சிக்கலே இங்கேதான் இருக்கிறது. நாம வீட்டுப் பெரியவங்களுக்கு இந்தச் சுருக்கங்களைச் சொல்லித்தரும்போது எழுத்தை விரித்துச் சொல்கிறோம். அது செய்யற வேலையைச் சொல்வதில்லை.

பாப்பா என்ன நினைத்து அனுப்பினாள்?

மறுநாள் அவளுக்கு போன் போட்டேன். பதறிவிட்டாள். "சித்தி, எங்களுக்கு லீவு தேதியே இன்னும் சொல்லல. அப்புச்சி கேட்டதும் 'தெரியல'ன்னு மொட்டையா சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் lol சேர்த்தேன். brb போட்டுட்டு சாப்பிடப் போனேன், வந்து படுத்தவ அப்படியே தூங்கிட்டேன்."

கவனிங்க. அவள் lol போட்டது சிரிக்க இல்லை. மொட்டையாகப் பேசக்கூடாது என்கிற மரியாதைக்காகப் போட்டிருக்கிறாள். மரியாதைக்காகப் போட்ட ஒரு சொல், எதிர்ப்பக்கம் கேலியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் போனபோது, பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்தேன். முதல் அரை மணி நேரம் சொதப்பினேன். அப்புறம் ஒரு வழி பிடிபட்டது. உங்க வீட்டில் முயற்சி செய்து பார்க்க வசதியாக, அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அவருடைய சுருக்கத்தில் இருந்து ஆரம்பிங்க

'அந்தக் காலத்து ஆளுங்களுக்கு சுருக்கம் புரியாது' என்பது நம்ம நினைப்பு. உண்மையில் லாரித் தொழிலே சுருக்கத்தில்தான் ஓடுகிறது. வண்டி முகப்பில் என்.பி. என்று எழுதியிருக்கும், அது நேஷனல் பர்மிட். லோடு ஏற்றினதும் கையில் வாங்கும் சீட்டு எல்.ஆர். வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்குவது எஃப்.சி.

நான் பெரியப்பாவைக் கேட்டேன். "வண்டி எஃப்.சி-ல இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, நீங்க என்னன்னு எடுத்துக்குவீங்க?"

"பட்டறையில நிக்குது, பெயின்ட் அடிக்கறாங்க, டிங்கரிங் வேலை ஓடுது. இப்பத்திக்கு லோடுக்கு வராது."

"எஃப்.சி-க்கு விரிவாக்கம் என்ன?"

கொஞ்சம் யோசித்தார். "ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்."

விரிவாக்கத்தில் பட்டறையும் இல்லை, பெயின்ட்டும் இல்லை, 'லோடுக்கு வராது' என்பதும் இல்லை. ஆனால் தொழிலில் இருக்கிறவருக்கு அந்த ரெண்டு எழுத்தைக் கேட்டதும் இதெல்லாம்தான் கேட்கிறது. "பாப்பாவோட எழுத்தும் அப்படித்தான் பெரியப்பா. விரிச்சுப் பார்த்தா ஒண்ணு இருக்கும், பேச்சுல வேற வேலை பண்ணும்" என்றேன். இங்கேதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உங்க வீட்டுப் பெரியவர் லாரிக்காரராக இருக்கணும்னு அவசியம் இல்லை. பத்திரம் பார்த்துப் பழகினவர் என்றால், பழைய பத்திரங்களில் 'மேற்படி' என்பதற்கு ௸ என்று ஒரே ஒரு குறி போட்டிருப்பது தெரிந்திருக்கும். வருடத்துக்கு ௵ என்று போடுவாங்க. விண்ணப்பம் எழுதினவருக்கு த/பெ, க/பெ தெரியும். தந்தி அடித்தவர் என்றால் இன்னும் சுலபம். வார்த்தைக் கணக்கில் காசு என்பதால் 'உடனே புறப்படு' என்கிற மாதிரி ரெண்டு வார்த்தையில் முடிப்பாங்க. தீபாவளி வாழ்த்து, கல்யாண வாழ்த்துக்கெல்லாம் தபால் துறையே வரிசை எண் போட்டு வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் போதும், போய்ச் சேரும் இடத்தில் முழு வாழ்த்தாக எழுதிக் கொடுப்பாங்க. 2013 ஜூலையில்தான் நம்ம நாட்டில் தந்தி சேவையை நிறுத்தினார்கள்.

இப்போ எதுக்கு சுருக்கம்? அதான் இடமிருக்கே!

பெரியப்பா கேட்ட நியாயமான கேள்வி இது. "தந்திக்கு காசு. வாட்ஸ்அப்புல எவ்வளவு வேணும்னாலும் எழுதலாமே, அப்புறம் எதுக்கு மூணு எழுத்து?"

இதற்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். எஸ்.எம்.எஸ். வந்தபோது ஒரு மெசேஜுக்கு 140 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத்துக்கு 16 பிட் வேணும். அதனால் அதே மெசேஜில் தமிழில் எழுதினால் 70 குறிகள்தான். அதிலும் புள்ளிக்குத் தனிக் கணக்கு, கொம்பு, சுழிக்குத் தனிக் கணக்கு. 'வணக்கம்' என்பது நம்ம கண்ணுக்கு அஞ்சு எழுத்து. போனுக்கு ஏழு. க் என்பதில் ஒரு புள்ளி, ம் என்பதில் ஒரு புள்ளி, ரெண்டும் சேர்ந்துவிடும். காசு கொடுத்து எஸ்.எம்.எஸ். அனுப்பின தலைமுறை தமிழையும் ஆங்கில எழுத்திலேயே தட்டிப் பழகினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

lol, brb எல்லாம் அதுக்கும் முந்தினது. 1980-களில் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் இணைத்து அரட்டை அடித்தவங்க பயன்படுத்தினது. அங்கே தட்டற வேகம்தான் பிரச்னை. எதிர்ப்பக்கம் ஆள் காத்திருக்கும்போது முழு வாக்கியம் அடிக்க நேரமில்லை.

இப்போ காசும் பிரச்னை இல்லை, இடமும் பிரச்னை இல்லை. ஆனாலும் இந்தச் சொற்கள் போகவில்லை. ஏன்னா, அதுங்களுக்கு வேற வேலை கிடைத்துவிட்டது. நேரில் பேசும்போது முகம் இருக்கும், குரல் இருக்கும். மெசேஜில் அது இல்லை. அந்தக் குறையை அடைக்கிற வேலைதான் இப்போ lol பார்க்கிறது.

lol: நம்ம ஊர் 'ங்' மாதிரி

இதை எப்படிச் சொல்வதுன்னு தெரியாமல்தான் நான் அரை மணி நேரம் சொதப்பினேன். கடைசியில் பெரியப்பா பேச்சிலேயே விடை இருந்தது. நடுவில் ஒரு போன் வந்தது. "ஆமாங்... இல்லைங்... வந்துர்றேனுங்" என்று பேசிவிட்டு வைத்தார்.

"பெரியப்பா, 'ஆமாங்'னு சொன்னீங்களே, அந்த 'ங்'க்கு என்ன அர்த்தம்?"

"அதுக்கென்ன அர்த்தம்? சும்மா ஒரு மரியாதைக்கு."

"எடுத்துட்டுப் பேசினா?"

"ஏம்மா, மொட்டையா 'ஆமா', 'இல்லை'ன்னா சண்டை போடற மாதிரில்ல இருக்கும்!"

இதேதான். சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவங்களுக்கு 'ங்' இல்லாமல் பேச்சே ஓடாது. அகராதியில் அதுக்கு அர்த்தம் தேட முடியாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பேச்சின் சூடு மாறிவிடும். பாப்பாவின் lol-ம் அதே ஜாதி. மொழியியல் பேராசிரியர் ஜான் மெக்வோர்ட்டர் 2013-ல் ஒரு டெட் பேச்சில் இதைத்தான் விளக்கினார். இளைஞர்கள் அனுப்பும் lol-ல் பெரும்பாலும் சிரிப்பே இல்லை, 'நானும் உன் பக்கம்தான்' என்று காட்டற சின்ன ஒட்டுச்சொல்லாக அது மாறிவிட்டது என்றார்.

அப்போ எது சிரிப்பு, எது 'ங்' என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியப்பாவுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தேன். lol இருக்கிற இடத்தில் 'ங்' போட்டுப் படிங்க, பொருந்துதா பாருங்க. 'idk lol' என்பதை 'தெரியலைங்' என்று படித்தார். பொருந்தியது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்து, அவர் அனுப்பின ஒரு கோழி ஜோக்குக்குக் கீழே பாப்பா தனியாக 'lol' என்று மட்டும் போட்டிருந்தாள். அங்கே 'ங்' பொருந்தாது, அது சிரிப்புதான். மேலே ஜோக் இருந்து, lol தனியாக வந்தால் சிரிப்பு. சொந்த வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தால் மரியாதை அல்லது சங்கோஜம். பத்துக்கு எட்டு தடவை இந்தக் கணக்கு சரியாக வரும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிடுங்க. எந்தக் காரணம் கொண்டும் துக்கச் செய்திக்குக் கீழே lol கூடாது. 'லாட்ஸ் ஆஃப் லவ்', அதாவது 'நிறைய அன்பு' என்று நினைத்து போடறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனே அப்படி நினைத்துத்தான் மெசேஜ் முடிவில் lol போட்டுக்கொண்டிருந்தார் என்று பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸ் 2012-ல் விசாரணைக் கமிஷன் முன்னால் சொன்னார். இதைச் சொன்னதும் பெரியப்பாவுக்கு ஒரே ஆறுதல். "பிரதமருக்கே தெரியலையா, அப்ப பரவாயில்லை."

idk: 'தெரியாது' வேற, 'தெரியல' வேற

idk-வின் விரிவாக்கம் 'ஐ டோன்ட் நோ'. பக்கத்து வீட்டுப் பையன் அதை 'எனக்குத் தெரியாது' என்று மொழிபெயர்த்தான். அகராதிப்படி சரி. ஆனால் நம்ம வீட்டில் யாராவது "எனக்குத் தெரியாது" என்று சொல்வது எப்போ? 'என்னைக் கேக்காதே', 'அது என் பொறுப்பு இல்லை' என்று கையைக் கழுவும்போது. 'தெரியல' என்றால் அப்படி இல்லை. இப்போதைக்கு முடிவாகவில்லை, தெரிந்ததும் சொல்றேன் என்று ஒரு கதவு திறந்திருக்கும்.

ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே idk-தான். அதனால் பெரியவங்களுக்குச் சொல்லும்போது 'தெரியல' என்றே சொல்லுங்க. பொங்கல் லீவைப் பற்றிய கேள்விக்கு பாப்பா சொன்னதும் 'தெரியல'தான்.

நிஜமாகவே கையைக் கழுவும் idk-வும் உண்டு. அதற்கு அடையாளம், தனியாக நிற்கும். பின்னாடி காரணம் வராது, lol வராது, மறுபடி கேட்டாலும் அதே மூணு எழுத்துதான் வரும். அப்படி வந்தால் அர்த்தம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், போன் போட்டுப் பேசிடுங்க என்று பெரியப்பாவிடம் சொன்னேன்.

brb: அவரே தினமும் சொல்றதுதான்

கடைசியாக, அவரைத் தூங்கவிடாமல் செய்த brb. 'பி ரைட் பேக்', உடனே திரும்பி வர்றேன். மேசை மேல் கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் இதுக்கு நேரடி அர்த்தம் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து போகிறேன், திரும்ப வந்து உட்காருவேன். காலியான நாற்காலியோட பேசிட்டிருக்காதே என்ற தகவல் அது. இப்போ போன் பாக்கெட்டிலேயே இருக்கிறது. எழுந்து போக நாற்காலியே இல்லை. அதனால் brb பல நேரம் 'இப்போதைக்கு முடிச்சுக்கறேன்' என்பதற்கு நாகரிகமான வார்த்தை ஆகிவிட்டது.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வர்றேன்னு சொன்னா வரணும்ல?"

"பெரியப்பா, சொந்தக்காரங்க வீட்டுல இருந்து கிளம்பும்போது என்ன சொல்லுவீங்க?"

"போயிட்டு வர்றேன்."

"உடனே திரும்பி வருவீங்களா? அவங்க வாசல்லயே நிப்பாங்களா?"

சிரித்துவிட்டார். தமிழில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை. அது அபசகுனம். 'போயிட்டு வர்றேன்' என்போம், அது அடுத்த வாரமோ அடுத்த வருஷமோ. உறவு இத்தோடு முடியவில்லை என்பதுதான் அதில் இருக்கிற சேதி. brb-யும் முக்கால்வாசி நேரம் 'போயிட்டு வர்றேன்'தான்.

ஆனால், இந்த இடத்தில் தப்பு பாப்பா மேலும் இருக்கிறது. அதை அவளிடமும் சொன்னேன். 'உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்' என்று ஒருத்தர் சொன்ன அடுத்த வரியில் brb வந்தால், நம்ம வயசு ஆளே காத்திருப்பான். அங்கே அது 'போயிட்டு வர்றேன்' ஆகாது, வாக்குறுதி. அதனால் பெரியவங்களுக்கு அனுப்பும்போது brb-க்குப் பக்கத்தில் ஒரு நேரம் சேர்த்துடுங்க. 'brb, 10 நிமிஷம்' அல்லது 'சாப்பிடப் போறேன் அப்புச்சி, காலையில பேசறேன்.' அந்த ஒரு எண்தான் எதிர்ப்பக்கம் இருக்கிறவர் தூங்கலாமா, காத்திருக்கலாமா என்று முடிவு பண்ண உதவும்.

வகுப்பு எடுக்கும்போது கவனிக்க வேண்டியது

நான் சொதப்பின அரை மணி நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பேப்பரில் இருபது சுருக்கம் எழுதி, பக்கத்தில் விரிவாக்கம் எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பட்டியல் வேலைக்கு ஆகாது. அவருடைய போனில், அவருக்கு வந்த மெசேஜில் இருந்தே எடுங்க. ஒரு உட்காரலுக்கு மூணு போதும்.

ஒவ்வொன்றுக்கும் முதலில் அது பார்க்கும் வேலை, அப்புறம் நம்ம பேச்சில் அதுக்கு நிகரானது, கடைசியில்தான் விரிவாக்கம். பெரியப்பா அதை தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் கையால் எழுதிக்கொண்டார். lol - 'ங்'. idk - தெரியல. brb - போயிட்டு வர்றேன். விரிவாக்கத்தை எழுதவே இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

புரிந்ததா என்று பார்க்க, சொல்லித்தராத ஒன்றைக் காட்டுங்க. நான் பாப்பாவின் பழைய மெசேஜ் ஒன்றில் இருந்த 'omg'-ஐக் காட்டினேன். பாட்டி சுட்ட அதிரசத்தின் போட்டோவுக்குக் கீழே வந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அட சாமி!" என்றார். விரிவாக்கம் 'ஓ மை காட்', அவருக்குத் தெரியாது. ஆனாலும் வேலையைச் சரியாகப் பிடித்துவிட்டார். இந்த omg ஒன்றும் நேத்து வந்ததில்லை, 1917-லேயே ஃபிஷர் என்கிற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சர்ச்சிலுக்கு எழுதின கடிதத்தில் இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப அது எனக்கும் மூத்ததா!" என்றார்.

ஆபரேஷன் விஷயத்தை பாப்பாவிடம் அன்று சாயங்காலமே வீடியோ காலில் சொன்னார். அவள் அழுதாள், திட்டினாள், லீவு போட்டு வர்றேன் என்றாள். வந்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில், உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னாடி போனை வெளியே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் குடும்ப குரூப்பில் பெரியப்பாவிடம் இருந்து ஒரு மெசேஜ் வந்தது.

'brb. முக்கா மணி நேரம்.'

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாப்பாதான் முதலில் பதில் போட்டாள்: 'சரிங் அப்புச்சி.'